கீரைக்கு எதிரொலி என்ன? உங்கள் வீட்டு வழக்கைச் சொல்லுங்கள்

நகரியில் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் வீடு எங்களுடையது. பேத்திக்கு எதிரொலிச் சொற்களைச் சொல்லிக்கொடுக்கப்போய் மாட்டிக்கொண்டேன்.

முதல் எழுத்து குறிலானால் 'கி', நெடிலானால் 'கீ', மீதி அப்படியே: பணம் கிணம், மாடு கீடு. தெலுங்கிலும் 'புலி கிலி' என்றே சொல்கிறார்கள். "காபி கீபி குடிக்கிறீர்களா?" என்றால் காபியோ அதுபோல் வேறொன்றோ. "படிப்பு கிடிப்பு எதுவும் வேண்டாம்" என்றால் சலிப்பு. (இதை அவள் உடனே கற்றுக்கொண்டாள்.)

"அப்படியானால் கீரைக்கு?" என்று கேட்டாள். விதிப்படி 'கீரை கீரை'. அது எதிரொலியாகவே ஒலிக்கவில்லை. தெருவில் கீரைக்காரம்மா கூவுவதுபோல் இருக்கிறது. அதே சொல் இரட்டித்தால் பொருளே வேறாகிவிடுகிறது: 'பார்த்துப் பார்த்து' என்றால் திரும்பத் திரும்பச் செய்வது, 'வீடு வீடாக' என்றால் ஒவ்வொரு வீடாக. 'கீரை போன்றவை' என்ற பொருள் வரவே இல்லை. நான் 'கீரை காய்' என்று சொல்லித் தப்பித்தேன்.

கிண்ணம், கிழங்கு, கீரை போன்ற சொற்களுக்கு உங்கள் வீடுகளில் வேறு எழுத்தை வைத்து எதிரொலி சொல்வதுண்டா, அல்லது தவிர்த்துவிடுகிறீர்களா? பெரியவர்கள் பேசிக் கேட்ட வாக்கியத்தை, ஊர்ப்பெயருடன் அப்படியே எழுதுங்கள். பாலக்காடு, செங்கோட்டைப் பக்கத்தவர்களும் சொல்லலாம்.