பாபரின் வண்டி வரிசைக்குத் தமிழில் என்ன சொல்?

கயல்: வணக்கம். 1526 பானிபட் போரைப் பற்றிய ஓர் அத்தியாயத்தை மொழிபெயர்க்கிறேன். பாபர் 700 வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பதனிடாத தோல் கயிற்றால் பிணைத்து, பின்னால் துப்பாக்கிக்காரர்களை நிறுத்தினார். இதைச் 'சகட வியூகம்' என்று எழுதிவிட்டேன். சரிதானா?

மாணிக்கம்: சரியில்லை அம்மா. சகட வியூகத்தில் படை வண்டியின் வடிவில் நிற்கும். இங்கே வண்டியே மதில். மலையரண், காட்டரண் என்று சொல்கிறோமே, அதே வழியில் 'வண்டியரண்' எனலாம்.

ராஜா: அண்ணா, 700 வண்டி என்றால் 700 பீரங்கிதானே? 'பீரங்கி வரிசை' போதுமே.

மாணிக்கம்: பீரங்கி இருந்தது உண்மை. உஸ்தாத் அலி குலியும் முஸ்தஃபாவும் அவற்றைக் கவனித்தார்கள். ஆனால் அந்த 700, படையாட்கள் கிடைத்த இடத்திலெல்லாம் திரட்டி வந்த வண்டிகள். கனத்த பீரங்கி எவ்வளவு மெதுவானது தெரியுமா? 1528-ல் கங்கைக் கரையில் ஒன்று முதல் நாள் 8 தடவை சுட்டதையே பாபர் மெனக்கெட்டு எழுதி வைத்தார். திரித்துப்பாக்கியும் அப்படித்தான். மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு இடித்து, திரியைச் சரிசெய்வதற்குள் எதிரியின் குதிரை மேலேறிவிடும். அந்த நேரத்தை வாங்கித் தரத்தான் வண்டி. இரண்டு வண்டிக்கு நடுவே, ஆள் மறைந்து நின்று சுட ஐந்தாறு மறைதட்டிகளும் வைத்தார்கள்.

செல்வம்: நான் ஒரு போர் விளையாட்டைத் தமிழாக்குகிறேன். பொத்தானில் எட்டெழுத்துக்கு மேல் இடமில்லை. வண்டியரண் ஆறெழுத்து, எடுத்துக்கொள்கிறேன்!

கயல்: ஆனால் 'அரண்' என்றால் நாலு பக்கமும் அடைத்த மாதிரி இருக்கிறதே. பாபர் அங்கங்கே நூறு குதிரை ஒன்றாகப் பாய்ந்து வெளியேறும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தார்.

மாணிக்கம்: அதுதான் விஷயமே. வலப்பக்கம் பானிபட் ஊர், இடப்பக்கம் அகழியும் வெட்டிப்போட்ட மரங்களும். இப்ராகிம் லோடியின் படை நடுவில் நெருக்கியடித்து வந்து தயங்கியது. பாபரின் இரு ஓரத்துக் குதிரைவீரர்கள் சுற்றிப் போய்ப் பின்னாலிருந்து அம்பு எய்தார்கள். முன்னால் குண்டு, பின்னால் அம்பு, நண்பகலுக்குள் முடிந்துவிட்டது. குதிரை இல்லாவிட்டால் வண்டியரண் வெறும் வேலிதான். ஆனால் இதையெல்லாம் ஒரே சொல்லில் அடைக்க முடியாது. பாபரே இதை 'ரூமி வழக்கம்', அதாவது உதுமானியத் துருக்கியர் வழக்கம் என்கிறார். 1514-ல் சால்திரானில் உதுமானியரும் வண்டிகளைச் சங்கிலியால் பிணைத்துத்தான் ஈரானின் சஃபவிக் குதிரைப்படையை எதிர்த்தார்கள். இரண்டுக்கும் பொருந்துகிற சொல் வேண்டும்.

கயல்: சரி, வண்டியரண் போட்டுவிடுகிறேன். அந்த இடைவெளிக்குத் 'திட்டிவாசல்' எப்படி?

ராஜா: நல்ல சொல்!

மாணிக்கம்: திட்டிவாசலில் ஆள் குனிந்துதான் நுழைய வேண்டும். நூறு குதிரையா? 'பாய்வாயில்' எனலாமோ என்று பார்க்கிறேன்.

செல்வம்: பாய் விற்கிற கடைவாசல் மாதிரி இருக்கிறது ஐயா. வேறு யோசியுங்கள்.