கால்கரியில் இருந்துகொண்டு டொரன்டோ வேலை: ப்ரொஃபைலில் எந்த ஊரைப் போடுவது?

புதுவரவு: கால்கரிக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. டேட்டா இன்ஜினியர், பத்து வருட அனுபவம். என் துறையில் வேலைகள் டொரன்டோவில்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. கிடைத்தால் பெட்டியைக் கட்டிவிடுவேன். ஆனால் லிங்க்டுஇனில் ஒரு ரெக்ரூட்டர்கூட எட்டிப் பார்க்கவில்லை. இடம் மாறத் தயார் என்று About பகுதியின் கடைசி வரியில் எழுதித்தான் வைத்திருக்கிறேன். பேசாமல் ஊரையே டொரன்டோ என்று மாற்றிவிடட்டுமா?

பனிமனிதன்: மாற்றிவிடுங்கள் தம்பி. ரெக்ரூட்டர் ஊரை வைத்துத்தான் தேடுவார். நான் அப்படித்தான் செய்தேன், அழைப்பு வந்தது.

வலைவீசி: அண்ணன் சொல்வது பாதி சரி. நான் ஏழு வருடம் ஆள் தேடும் வேலை பார்த்தவள், அந்தப் பக்கம் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். ரெக்ரூட்டர் தன் தேடலில் டொரன்டோ என்று போட்டதும், இப்போது அங்கே இருப்பவர்கள் மட்டுமா, அங்கே வரத் தயாராக இருப்பவர்கள் மட்டுமா, இருவருமா என்று தேர்வு செய்யலாம். வரத் தயார் என்ற கணக்கில் நீங்கள் சேருவது, Open to Work பகுதியில் டொரன்டோவை ஓர் இடமாகச் சேர்த்திருந்தால்தான். About பகுதியில் எழுதிய வரி இந்த வடிகட்டியில் கணக்குக்கு வராது. உள்ளூர் ஆள்தான் வேண்டும் என்று நிறுவனம் சொல்லிவிட்டால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

இல்லாத ஊரைப் போட வேண்டாம் என்பேன். நான் ஒருவரை டொரன்டோக்காரர் என்று நம்பி காலை ஒன்பது மணிக்கு அழைத்தேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தார். அவர் இருந்த கால்கரியில் அப்போது மணி ஏழு. நாளை நேரில் வர முடியுமா என்று கேட்டதும் இழுத்தார். நல்ல ஆள்தான், ஆனால் மேனேஜரிடம் அவருக்காக வாதாட எனக்கு வாய் வரவில்லை.

அது இருக்கட்டும், உங்கள் பெயருக்குக் கீழே இப்போது எந்த ஊர் தெரிகிறது?

புதுவரவு: அக்கா, இப்போதுதான் பார்த்தேன். இன்னும் இந்தியா என்றே இருக்கிறது!

வலைவீசி: அப்போ முதலில் அதைச் சரிசெய்யுங்கள். நாட்டுக்கு வெளியே இருக்கிறார், விசா வேலை வேறு இருக்கும் என்று நினைத்துப் பலர் கடந்து போயிருப்பார்கள். பெயருக்குப் பக்கத்தில் உள்ள பென்சிலைத் தொட்டு, முதலில் நாட்டை மாற்றி, அப்புறம் அஞ்சல் குறியீட்டையும் ஊரையும் கொடுங்கள். கால்கரி என்றே இருக்கட்டும்.

அடுத்து Open to பொத்தான், அதில் Finding a new job. வேலை நடக்கும் முறை கேட்கும் இடத்தில் On-site, Hybrid, Remote மூன்றும் இருக்கும். எவற்றுக்கு உண்மையில் சம்மதமோ, அவற்றை எல்லாம் டிக் செய்யுங்கள். நேரில் போகும் வேலைக்கான இடங்களில் கால்கரியையும் டொரன்டோவையும் தனித்தனியாகச் சேருங்கள். ரிமோட்டுக்குத் தனிப் பெட்டி வரும், அதில் கனடா என்று போடுங்கள்.

ஜன்னலோரம்: அந்த டிக்கில்தான் நான் மாட்டினேன். வீட்டிலிருந்து வேலை என்றால் நல்லது என்று Remote மட்டும் போட்டு வைத்திருந்தேன், ஆறு மாதம் ஈ ஓட்டினேன். வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம் போவதில் எனக்குச் சிரமமே இல்லை. ஆனால் அதை நான் எங்கே சொன்னேன்?

மேப்பிள்: எனக்கு டொரன்டோ வேலைகள் தினமும் மெயிலில் வருகின்றனவே, அப்படியானால் என் செட்டிங் சரிதானே?

வலைவீசி: அது ஜாப் அலர்ட். வேலைகள் உங்கள் கண்ணில் படுவதற்கு அது. நீங்கள் ரெக்ரூட்டர் கண்ணில் படுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மேப்பிள்: சரி, இதை எல்லாம் போட்டால் இப்போதைய கம்பெனிக்குத் தெரியாதா?

வலைவீசி: Recruiters only என்று வைத்தால் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வராது. உங்கள் கம்பெனி ரெக்ரூட்டர்களிடமிருந்து மறைக்க லிங்க்டுஇன் முயலும், ஆனால் முழு உத்தரவாதம் தருவதில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

பனிமனிதன்: பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரியிலேயே டொரன்டோ வரத் தயார் என்று எழுதினால் என்ன?

வலைவீசி: எந்த மாதம் வருகிறீர்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் எழுதலாம். இல்லையென்றால் அந்த இடத்தில் தொழில் பற்றிய சொற்களே இருக்கட்டும்.

பனிமனிதன்: எனக்கு அதில் உடன்பாடில்லை. தேடலில் சிக்கிய பிறகு முதலில் கண்ணில் படுவது அந்த வரிதானே.

புதுவரவு: பத்து நாள் ஆயிற்று, எல்லாம் மாற்றிவிட்டேன். ஒரு மெசேஜ் வந்திருக்கிறது, கால்கரியிலேயே ஹைப்ரிட் வேலை. டொரன்டோவிலிருந்து இன்னும் யாரும் எழுதவில்லை.