மொட்டைமாடிக் கூடாரத்தைத் துளையிடாமல் நிறுத்துவது எப்படி?

அடுத்த ஞாயிறு காலை, ஈசூனில் அண்ணன் வீட்டு மொட்டைமாடியில் அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணம். 3க்கு 3 மீட்டர் மடக்குக் கூடாரம் போடுகிறோம். போன மாதம் விடியற்காலையில் அடித்த சுமத்ரா சூறைக்காற்றில் இதே கூடாரம் ஒரு பக்கம் எழும்பிக் கால் வளைந்துவிட்டது. இத்தனைக்கும் ஒவ்வொரு காலிலும் 20 லிட்டர் தண்ணீர்க் கேன் கட்டியிருந்தேன்.

பிறகுதான் கணக்குப் போட்டேன். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று 9 சதுர மீட்டர் கூரையைத் தூக்கினால் ஏறக்குறைய 150 கிலோ விசை. நான் வைத்ததோ 80 கிலோ.

தளத்தில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இருப்பதால் துளையிட அண்ணன் சம்மதிக்கவில்லை. நியாயம்தான், கீழே அவருடைய படுக்கையறை.

காலுக்கு 60 கிலோ மணல்மூட்டை வைத்து, சட்டத்தின் மேல்மூலையிலிருந்து மூட்டைக்குப் பட்டை இழுத்துக் கட்டினால் போதுமா? கைப்பிடிக் கம்பியில் கட்டுவது ஆபத்தா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். வானம் கறுத்தால் துணியைக் கழற்றிவிடுவோம்.