பெரிய மாஸ்க்கில் ஜெனரேட்டிவ் ஃபில்: உங்களுக்கு எந்த இடத்தில் சறுக்கியது?

ஆல்பம்_வடிவமைப்பு

செங்குத்தாக எடுத்த திருமணப் படம் ஒன்றை, ஆல்பத்தில் 12க்கு 36 அங்குல விரிபக்கமாக மாற்ற வேண்டியிருந்தது. நடுவில் படம் 2400 பிக்சல் அகலத்துக்கு நின்றது. இருபுறமும் 4200 பிக்சல் வெற்றிடம். ஒவ்வொரு புறத்தையும் ஒரே தேர்வாக எடுத்து, இல்லாத பகுதியை ஏஐ மாடலே வரைந்து தரும் ஜெனரேட்டிவ் ஃபில்லால் நிரப்பினேன். திரையில் மண்டபத் தூண்கள் அழகாகத்தான் தெரிந்தன. ஆல்பம் அச்சாகி வந்ததும் மணப்பெண்ணின் தாயார் பக்கத்தின் ஓரத்தை விரலால் தடவி, "இந்த இடம் மட்டும் ஏன் தம்பி கொசுவலைக்குப் பின்னால இருக்கிற மாதிரி இருக்கு?" என்று கேட்டார். புடவையின் ஜரிகை இழை இழையாகத் தெரிந்தது. அருகிலிருந்த தூண் மெழுகுபோல வழவழவென்று இருந்தது. நான் பயன்படுத்திய கருவி, தேர்வு எவ்வளவு பெரிதானாலும் ஏறத்தாழ 1024 பிக்சல் அளவில் வரைந்து, அதைத்தான் நான்கு மடங்கு இழுத்துப் பரப்பியிருக்கிறது.

பிறகு 1000 பிக்சல் சதுரங்களாக, ஒவ்வொன்றிலும் 300 பிக்சல் ஏற்கெனவே உள்ள படத்தைச் சேர்த்துக்கொண்டு, ஒரு புறத்துக்கு 30 துண்டுகள் என்ற கணக்கில் மறுபடி நிரப்பினேன். தெளிவு வந்துவிட்டது. ஆகவே கோளாறு பிக்சல் எண்ணிக்கையில் மட்டுமே இருக்கிறது என்பது என் முடிவு.

ரீடச்_மேசை

அந்த முடிவு பாதிதான் சரி. சாலையில் நின்ற ஒரு லாரி படத்தின் பெரும்பகுதியை மறைத்திருந்தது. அதை முழுவதும் மாஸ்க் செய்து, அதாவது புதிதாக வரைய வேண்டிய பகுதியாகக் குறித்து, நிரப்பினேன். அதே இடத்தில் வேறு நிறத்தில் இன்னொரு லாரி வந்து நின்றது. நான்கு முறை முயன்றேன், நான்கு லாரிகள். படம் சிறியது, ஆகவே பிக்சல் பற்றாக்குறை இல்லை. லாரியின் நிழலை மாஸ்க்குக்கு வெளியே விட்டிருந்தேன். மாஸ்க்கின் நடுப்பகுதிக்கு அருகில் உண்மையான படம் எதுவுமே இல்லாதபோது, எஞ்சியிருந்த அந்த நிழல்தான் மாடலுக்குக் கிடைத்த ஒரே வலுவான சாட்சி; நிழல் இருந்தால் அதற்குரிய பொருளும் இருக்க வேண்டும் என்று அது வரைந்துவிட்டது.

முதலில் நிழலை மட்டும் சாலையாக்கினேன். பிறகு சக்கரங்கள் இருந்த கீழ்ப்பகுதி, அடுத்து நடுப்பகுதி, கடைசியில் வானம். ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய கட்டம் அடுத்ததற்குச் சாட்சியானது. நான்காவது கட்டத்தில் லாரி வரவில்லை.

பழைய_படங்கள்

என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. தாத்தாவின் படத்தில் கறையான் அரித்துப் பாதி முகம் போயிருந்தது. நீங்கள் இருவரும் சொல்வதுபோலத் துண்டு துண்டாகத்தான் நிரப்பினேன். கண், கன்னம், தாடை என்று தனித்தனியே பார்த்தால் குறையில்லை. முழுப் படத்தையும் அம்மாவிடம் காட்டியபோது நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றார். ஆகவே துண்டு முறை உதவும் என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை.

ரீடச்_மேசை

அழிந்த முகம் அந்தப் படத்தில் எங்குமே இல்லை. எத்தனை கட்டங்களாகப் பிரித்தாலும் இல்லாத சாட்சி பிறக்காது. வேறொரு படத்திலிருந்து முகத்தை எடுத்து ஒட்டித்தான் சரிசெய்ய முடியும்.

கடலோரம்

முதலில் எழுதியவருக்கு 30 துண்டுகள் பொருந்தியது, பின்னணி தூண்களும் சுவரும் என்பதால்தான் என்று நினைக்கிறேன். நான் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற பட மாடலில் ஒரு கடற்கரைப் படத்தை வலப்புறமாகத் துண்டு துண்டாக நீட்டினேன். ஒவ்வொரு துண்டிலும் தொடுவானம் ஓரிரு பிக்சல் இறங்கியது. ஐந்தாவது துண்டுக்குள் கடல் சரிவாக வழிந்தோடுவதுபோல ஆகிவிட்டது. மாடலுக்கு எழுதிக்கொடுத்த "படகுடன் கடற்கரை" என்ற விவரணையை மாற்றாமல் விட்டதால் துண்டுக்கு ஒரு படகு வேறு.

அதன்பின் நான் செய்வது இதுதான். படத்தைக் கால் அளவுக்குச் சுருக்கி, அந்தச் சிறிய அளவிலேயே முழு வெற்றிடத்தையும் நிரப்பித் தொடுவானம், கரைக்கோடு, வெளிச்சத்தின் திசை ஆகியவற்றை முடிவு செய்துகொள்கிறேன். மங்கலாக இருந்தாலும் கவலையில்லை. அதைப் பெரிதாக்கி, அசல் படத்தை அதன் இடத்தில் வைத்துவிட்டு, நிரப்பிய பகுதியை மட்டும் `Only masked` அமைப்பில் துண்டு துண்டாக மறுபடி வரையச் சொல்கிறேன். இந்த அமைப்பு மாஸ்க்கையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் மட்டும் வெட்டியெடுத்து முழு அளவில் வரைவதால், சிறிய மாஸ்க்குக்கு நுணுக்கம் கூடுகிறது. மாஸ்க் பெரிதானால் அந்த நன்மை போய்விடும். இருப்பதை எவ்வளவு மாற்றி வரையலாம் என்பதைத் தீர்மானிக்கும் `Denoising strength` 0.3 அருகில் இருந்தால் கோடுகள் நகர்வதில்லை, மணலின் துகள் மட்டும் வருகிறது. 0.6க்குப் போனால் துண்டு தன் விருப்பத்துக்கு வரையத் தொடங்குகிறது. விவரணையில் படகை நீக்கிவிட்டு, "ஈர மணல்" என்று அந்தத் துண்டில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். ஒட்டு தெரிகிறதா என்று பார்க்கப் படத்தைச் சிறிதாக்கி, கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிப் பாருங்கள். நிற வேறுபாடு பட்டைகளாக வெளிப்படும்.

ஆல்பம்_வடிவமைப்பு

பதிலைப் படித்தபின் ஆல்பத்தை மறுபடி திறந்து பார்த்தேன். வலப்புறம் கடைசி இரண்டு தூண்கள் முதல் தூணைவிட மெலிந்திருக்கின்றன. இதுவரை எவரும் சொல்லவில்லை. 0.3இல் மறுபடி வரைந்தால் தூணின் அகலம் மாறாது அல்லவா? அப்படியானால் கால் அளவிலிருந்தே தொடங்க வேண்டுமா, அல்லது அந்த இரண்டு தூண்களை மட்டும் அழித்து நிரப்பினால் போதுமா?