அப்பாவுக்கு மாத்திரை கொடுத்தாச்சா? எல்லாருக்கும் தெரியிற மாதிரி ஒரு பட்டியல் வேணும்

புதுசா வந்தவன்: மதுரையிலிருந்து மலேசியாவில் உள்ள சுங்கை சிப்புட் வந்து மூன்று மாதம் ஆகிறது. எனக்கு எண்ணெய்ப்பனை மில்லில் வேலை, மனைவிக்கு ஃபாக்டரியில் ஷிஃப்ட். அப்பாவுக்கு ராத்திரி எட்டு மணிக்குப் பிரஷர் மாத்திரை. கொடுத்ததும் குடும்ப வாட்சப் குரூப்பில் போடுவோம். போன வாரம் அது குட் மார்னிங் படங்களுக்கு அடியில் போய்விட்டது. அவள் கொடுத்தது தெரியாமல் நானும் கொடுத்துவிட்டேன். கிளினிக்கில் கேட்டு, ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்த்தோம். யாராவது டிக் போட்டால் மற்றவர் போனில் மணி அடிக்க வேண்டும். என்னுடையது ஆண்ட்ராய்டு, அவளுடையது ஐபோன்.

பாசார்க்காரன்: கூகுள் கீப் போதும் லா. நோட்டில் அவங்க மெயிலைச் சேர்த்துடுங்க, நீங்க டிக் போட்டா அங்கேயும் தெரியும்.

டவுன் அக்கா: தெரியும் தம்பி, ஆனால் திறந்து பார்த்தால்தான். ஒவ்வொரு டிக்குக்கும் போன் அடிக்காது. ஐபோனில் இருக்கும் ரிமைண்டர்ஸில் நீங்கள் கேட்டது இருக்கிறது, ஆனால் அதற்கு எல்லாரும் ஆப்பிள்காரர்களாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு மைக்ரோசாஃப்ட் டு டூ சரிப்படும். இரண்டு போனிலும் ஓடும், இலவசம்.

ஒரு பட்டியல் தொடங்கி, மேலே பகிரும் குறியைத் தட்டி, வரும் லிங்கை மனைவிக்கு அனுப்புங்கள். ஆளுக்கொரு மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். அவர் சேர்ந்ததும் Limit access to current members என்பதைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் லிங்க் கிடைத்தவரெல்லாம் உள்ளே வரலாம். அப்புறம் செட்டிங்ஸில் பகிர்ந்த பட்டியலுக்கான அறிவிப்பு இரண்டு போனிலும் ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். "யாரோ முடித்தார்" என்று வரும் மணி வேறு, எட்டு மணிக்கு நினைவூட்டும் மணி வேறு. இரண்டாவது அவரவர் சொந்தம். நீங்கள் எட்டுக்கு வைத்தால் உங்கள் போன் மட்டும்தான் அடிக்கும், அவரும் தன் போனில் வைக்க வேண்டும்.

தோட்டத்து மாமா: எங்க வீட்டுக் கதையைக் கேளுங்க. பட்டியலில் "கேஸ்" என்று மருமகள் சேர்த்தாள். மூன்று மகன்களுக்கும் மணி அடித்தது. மூன்று பேரும் கேஸ்காரருக்கு போன் பண்ணிட்டானுங்க. லயத்து வாசலில் மூன்று சிலிண்டர்! இப்போது "கேஸ் - பெரியவன்" என்று பேரோடுதான் எழுதுறாங்க.

புதுசா வந்தவன்: போட்டுவிட்டேன் அக்கா. நான் டிக் போட்டால் அவளுக்கு உடனே வருகிறது. அவள் போட்டால் எனக்கு வரவில்லை, ஆப்பைத் திறந்தால்தான் தெரிகிறது.

டவுன் அக்கா: திறந்தால் தெரிகிறது என்றால் பட்டியல் சரி, போன்தான் தடுக்கிறது. பேட்டரி மிச்சம் பிடிக்கும் செட்டிங்கில் இந்த ஆப்புக்குக் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றுங்கள். சில ஆண்ட்ராய்டு போன்களில் தானாகத் தொடங்க அனுமதியும் தனியாகக் கொடுக்க வேண்டும். மில்லுக்குள் லைன் இல்லாவிட்டால், வெளியே வந்த பிறகுதான் மணி வரும். அதனால் மணி அடிக்கவில்லை என்பதை வைத்து "இன்னும் கொடுக்கவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்று. தினமும் திரும்பும் வேலையாக "அப்பா மாத்திரை" என்று வைத்திருக்கிறீர்களா?

புதுசா வந்தவன்: ஆமாம்.

டவுன் அக்கா: அதை மாற்றுங்கள். அவர் டிக் போட்டதும் நாளைய தேதியோடு அதே பெயர் மறுபடி வந்து நிற்கும். வேலை முடிந்து களைப்பாக வருகிறவர் கண்ணில் பெயர்தான் படும், தேதி படாது. "இன்னும் கொடுக்கலையே" என்று மாத்திரையைக் கொடுத்து, டிக்கும் போட்டுவிடுவார். இன்றைக்கு இரண்டு மாத்திரை. பட்டியலோ நாளைக்கும் கொடுத்தாகிவிட்டது என்று சொல்லும்.

"திங்கள் ராத்திரி", "செவ்வாய் ராத்திரி" என்று ஏழு வேலை போடுங்கள். ஒவ்வொன்றும் வாரம் ஒரு முறை திரும்பட்டும். திங்களை முடித்தால் அது அடுத்த திங்களுக்குப் போய்விடும், செவ்வாய் தன் பெயரிலேயே நிற்கும். ஏழு குழி மாத்திரை டப்பா ஒன்றும் வாங்குங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் டப்பாவை நம்புங்கள்.

பாசார்க்காரன்: டப்பா இருந்தா அப்புறம் ஆப் எதுக்கு லா?

டவுன் அக்கா: மில்லில் இருந்துகொண்டு டப்பாவைப் பார்க்க முடியாதே.

புதுசா வந்தவன்: மதுரையில் இருக்கும் தங்கச்சியையும் சேர்த்தேன். அங்கே நேரம் இரண்டரை மணி பின்னால். நமக்கு எட்டு என்றால் அவளுக்கு மாலை ஐந்தரை. அந்த நேரத்துக்கு அவளே வைத்துக்கொண்டு, மணி அடித்ததும் அப்பாவைக் கூப்பிடுகிறாள். ஒரு சிக்கல்: அப்பாவிடம் பட்டன் போன்தான். அவரே எடுத்துப் போட்டுக்கொண்டால் டிக் போட ஆளில்லை. "போட்டேன்" என்பார், சில நாள் டப்பாவில் மாத்திரை அப்படியே இருக்கிறது.

தோட்டத்து மாமா: எங்க அப்பாவும் அப்படித்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சேர்த்துவிடுங்களேன்?

புதுசா வந்தவன்: அந்த லிங்க்கைப் பூட்டியாச்சு மாமா. திறக்கலாமா என்று மனைவியிடம் கேட்கணும்.