தொகுத்தறிதல் நிறுவலின் இரு பகுதிகள்: கலைச்சொல் வேண்டல்

கயல்விழி எழுதியது:

அன்புள்ள நண்பர்களுக்கு, கணிதத் தொகுத்தறிதல் பற்றிய பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். 'பேஸ் கேஸ்' என்பதை 'முதல் நிலை' என்றும், 'இண்டக்டிவ் ஸ்டெப்' என்பதைத் 'தூண்டல் படி' என்றும் எழுதியிருக்கிறேன். முன்னது n = 1 என்று இட்டுக் கூற்றைச் சரிபார்ப்பது; பின்னது, k என்ற எண்ணுக்குக் கூற்று உண்மையானால் k + 1-க்கும் உண்மையாகும் என்று காட்டுவது. இச்சொற்கள் பொருந்துமா?

முத்துக்குமரன் எழுதியது:

'தூண்டல்' வேண்டாம் என்பது என் கருத்து. மின்காந்தத் தூண்டலைப் படித்த மாணவர்களுக்கு அச்சொல் வேறொன்றையே நினைவூட்டும். ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் படித்த 'விதிவருமுறை' என்ற சொல்லையே இங்கும் ஆளலாம். பல எடுத்துக்காட்டுகளைப் பார்த்துப் பொதுவிதிக்கு வருவதுதானே இதுவும்?

செந்தாமரை எழுதியது:

முத்துக்குமரன் ஐயா, தூண்டலைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் எடுத்துக்காட்டுகளை அடுக்குவது இந்நிறுவலின் வேலையே அன்று. n² + n + 41 என்ற கோவையில் n-க்கு 0 முதல் 39 வரை எந்த எண்ணை இட்டாலும் பகா எண்ணே கிடைக்கிறது. நாற்பது முறை சரியாக வந்த பிறகு, n = 40 எனும்போது 40 × 41 + 41, அதாவது 41² வந்து கூற்று முறிந்துவிடுகிறது. ஓர் எண்ணின் உண்மையிலிருந்து அடுத்த எண்ணின் உண்மை கட்டாயமாகப் பிறக்கிறது என்று காட்டாதவரை, எத்தனை எண்களைச் சரிபார்த்தாலும் அவை தனித்தனிச் செய்திகளாகவே நிற்கும்.

இளங்கோ எழுதியது:

அப்படியானால் முழு வலுவும் அந்தப் படியில்தான் இருக்கிறது. தொடக்கத்தைச் சரிபார்ப்பது ஒரு வரி முறைமை, அவ்வளவே. நான் நிரல் எழுதுபவன். தன்னைத்தானே அழைக்கும் ஒரு செயற்கூற்றில் நிறுத்தும் நிபந்தனையை ஒருமுறை விட்டுவிட்டேன். நினைவகம் தீரும்வரை அது ஓடியது. ஆகவே எங்களுக்கு அது 'முடிவு நிலை'யாகவே தெரிகிறது. அச்சொல்லையே வைத்துக்கொள்ளலாமே?

செந்தாமரை எழுதியது:

இளங்கோ, உங்கள் நிரல் பெரிய எண்ணிலிருந்து கீழே இறங்கி அங்கே முடிகிறது; நிறுவலோ அங்கிருந்து மேலே ஏறுகிறது. எனவே 'முடிவு' என்பது நிறுவலுக்குத் திசைமாறிய சொல்லாகிவிடும். அது வெறும் முறைமை என்பதையும் நான் ஏற்கவில்லை. முதல் n ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை n² + 3 என்று ஒருவர் சொல்வதாகக் கொள்வோம். k எண்களுக்கு அது உண்மையானால், அடுத்த ஒற்றை எண்ணாகிய 2k + 1-ஐக் கூட்ட, k² + 2k + 1 + 3, அதாவது (k + 1)² + 3 கிடைக்கிறது. படியில் ஒரு குறையும் இல்லை. ஆயினும் உண்மையான கூட்டுத்தொகை n² என்பதால், கூற்று எந்த எண்ணுக்கும் பொருந்தாது. n = 1 என்று இட்டிருந்தால், 1-உம் 4-உம் சமமாகாமல் அங்கேயே வெளிப்பட்டிருக்கும்.

கயல்விழியின் 'முதல் நிலை'யில் எனக்குள்ள தயக்கம் வேறு. 2ⁿ > n² என்ற கூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2ᵏ > k² எனில், இருபுறமும் இரண்டால் பெருக்க, 2ᵏ⁺¹ > 2k² ஆகிறது. இந்த 2k², (k + 1)²-க்குக் குறையாமல் இருப்பது k = 3 முதல்தான்; k = 2 எனில் 8-உம் 9-உம் வந்து தவறிவிடுகிறது. n = 1-க்குக் கூற்று உண்மையே, ஆனால் அங்கே படி இல்லை. 3-இல் படி இருக்கிறது, ஆனால் 8 > 9 என்பது பொய். 4-இல் இருபுறமும் 16. படியும் உண்மையும் முதன்முதலாகச் சேர்வது 32 > 25 ஆகும் 5-இல். 'முதல் நிலை' என்று படித்த மாணவர் 1-ஐச் சரிபார்த்துவிட்டு எல்லா எண்களுக்கும் நிறுவியதாக எண்ணிவிடுவார். ஏறத் தொடங்குமுன் காலை ஊன்றும் இடம் என்ற பொருளில் 'ஊன்றுநிலை' என்றும், ஓர் எண்ணின் உண்மையை அடுத்ததற்குக் கொண்டுசெல்வதைக் 'கடத்துபடி' என்றும் சொல்லலாமா?

முத்துக்குமரன் எழுதியது:

விதிவருமுறையைக் கைவிடுகிறேன். ஊன்றுநிலை நன்று. ஆனால் மின்கடத்தலை நடத்தும் எனக்குக் 'கடத்துபடி'யிலும் தூண்டலுக்கு நேர்ந்த சிக்கலே தெரிகிறது. 'தொடர்படி' எளிதாக இருக்கும்.

கயல்விழி எழுதியது:

1-ஐ மட்டும் சரிபார்க்கச் சொல்லும் வரியைக் குறிப்பிலிருந்து நீக்கிவிட்டேன், 'ஊன்றுநிலை'யை ஏற்கிறேன். ஒவ்வோர் உறுப்பும் தனக்கு முந்தைய இரண்டின் கூட்டுத்தொகையாக வரும் ஃபிபனாச்சி எண்களில், படிக்கு முந்தைய இரண்டு எண்களின் உண்மையும் தேவைப்படுவதால் 1, 2 என இரண்டு ஊன்றுநிலைகளைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. 'முதல்' என்றால் இதற்கு இடமே இருந்திருக்காது. ஆனால் 'தொடர்' என்பது அதே குறிப்பில் எண்தொடரையும் குறிக்கிறது. ஆகவே அந்தச் சொல்லுக்கான இடத்தை இப்போதைக்கு வெற்றாகவே விட்டிருக்கிறேன்.