புதுப்பிப்பு: உருளைத் தொட்டியின் சுவர்த் தடிமன்

நான் கேட்டது: "உள் அழுத்தம் 2 MPa, உள்விட்டம் 800 மிமீ, அனுமதிக்கப்பட்ட தகைவு 100 MPa. குறைந்தபட்சம் எவ்வளவு தடிமன் வேண்டும்?"

முதலில் வந்த பதில் 4 மிமீ. `t = pd/4σ` என்பது சரியான சூத்திரம்தான், ஆனால் அது நீளவாக்குத் தகைவுக்கு உரியது. சுற்றுத் தகைவு அதைப்போல இரு மடங்கு. 4 மிமீ வைத்தால் 200 MPa ஆகிவிடும். அதனால்,

```
t = pd/2σ = 2×800/(2×100) = 8 மிமீ
```

இதோடு முடிந்தது என்றிருந்தேன். அப்புறம் அனுபவமுள்ள ஒருவர், "தகட்டை வளைத்து நீளவாக்கில் வெல்டிங் செய்கிறீர்களா?" என்று கேட்டார். ஆமாம். சுற்றுத் தகைவு அந்த இணைப்பைத்தான் குறுக்கே இழுக்கிறது. இணைப்புத் திறன் 0.7 என்றால் 8/0.7 = 11.43 மிமீ. விட்டத்தில் எழுபதில் ஒரு பங்குதான், இருபதில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. மெல்லிய சுவர்ச் சூத்திரம் செல்லும்.

இன்னொருவர் தன் வெற்றிடத் தொட்டிக்கும் இதையே போடலாமா என்றார். கூடாது, வெளி அழுத்தத்தில் சுவர் நசுங்கி மடங்கும், அந்தக் கணக்கே வேறு.

12 மிமீ தகடு எடுக்க நினைக்கிறேன். ஆனால் மிச்சம் 0.57 மிமீதான், அரிப்புக்கு அது போதுமா என்பது இன்னும் முடிவாகவில்லை.